வேரும் பூசணமும்: ஒரு நூற்றாண்டு வழக்கு

தோட்டத்தில் வாழ்கிறவர்களிடம் பூசணம் என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது நோய்தான். ரப்பர் மரத்தின் அடிவேரைத் தோண்டிப் பார்த்தால், வேரோடு ஒட்டிக்கொண்டு வெள்ளை நூல்கள் ஓடியிருக்கும். இலை மஞ்சளாகி, மரம் ஒரு நாள் சாய்ந்துவிடும். அதை வெள்ளை வேர் நோய் என்கிறோம். செம்பனையின் அடித்தண்டை அழிக்கும் இன்னொரு பூசணமும் உண்டு. ஆகவே வேரில் பூசணம் கண்டால் வெட்டு, தோண்டு, எரி என்பதே நாம் அறிந்த பாடம்.

இன்று நாம் பேசப்போவது வேரில் வாழும் வேறொரு பூசணத்தைப் பற்றி. அது மரத்தைக் கொல்வதில்லை. அது மரத்துக்கு உதவுகிறதா, எவ்வளவு உதவுகிறது என்பதைப் பற்றி நூற்று நாற்பது ஆண்டுகளாக அறிவியலாளர்களிடையே ஒரு வழக்கு நடந்து வருகிறது. அந்த வழக்கின் முதற்பாதி முடிந்துவிட்டது. இரண்டாம் பாதி இன்னும் முடியவில்லை. முடியாத பாதியைத்தான் உலகம் முடிந்ததாக நம்பிக்கொண்டிருக்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

வழக்கு தொடங்கியது ஜெர்மனியில். மண்ணுக்கடியில் விளையும் டிரஃபிள் என்ற ஒருவகைக் காளானுக்கு ஐரோப்பாவில் பொன்னுக்கு நிகரான விலை. பன்றியையும் நாயையும் விட்டு மோப்பம் பிடிக்க வைத்துத்தான் அதைத் தேடுவார்கள். அதைப் பயிராக விளைவிக்க முடியுமா என்று ஆராயும்படி பிரஷ்ய நாட்டு வேளாண்மை அமைச்சு, பெர்லினிலிருந்த ஆல்பெர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற தாவரவியல் பேராசிரியரைக் கேட்டுக்கொண்டது. அவரால் டிரஃபிளைப் பயிராக்க முடியவில்லை. ஆனால் ஓக், பீச் முதலிய மரங்களின் வேர்களைத் தோண்டி ஆராய்ந்தபோது, தேடாத ஒன்று அவருக்குக் கிடைத்தது.

உணவை உறிஞ்ச வேண்டிய நுனிவேர்கள் எல்லாவற்றின் மீதும், விரலுக்கு உறை மாட்டினாற்போல் ஒரு பூசணப் போர்வை இருந்தது. ஒரு மரத்தில் அல்ல, அவர் பார்த்த மரங்களிலெல்லாம். அவை நோயாளி மரங்களும் அல்ல. நல்ல திடமான மரங்கள். ஃபிராங்க் நினைத்தார்: நுனிவேர் முழுவதையும் பூசணம் மூடியிருக்கிறதென்றால், நீரும் உப்பும் இந்தப் போர்வையைக் கடந்துதானே மரத்துக்குள் போக வேண்டும்? அப்படியானால் இந்தப் பூசணம் மரத்துக்குச் செவிலித்தாய் என்றார். 1885-ல் இதை எழுதி வெளியிட்டு, கிரேக்கச் சொற்களைக் கொண்டு இந்தக் கூட்டுறவுக்கு ‘மைக்கோரைசா’ என்று பெயர் சூட்டினார். பூசணவேர் என்பதே அதன் பொருள்.

உடனே எதிர்ப்பு வந்தது. வேரில் பூசணம் என்றால் ஒட்டுண்ணி என்பதுதான் அன்றைய பாடம். காட்டு மர நோய்களில் பெரும்புலவராக இருந்த ராபர்ட் ஹார்ட்டிக் போன்றவர்கள் ஃபிராங்கின் கருத்தை ஏற்கவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பூசணம் வேரோடு இருப்பதைக் காட்டுவது ஒன்று, அது உதவுகிறது என்று காட்டுவது வேறொன்று. திருடனும் வீட்டுக்குள்தான் இருப்பான், காவற்காரனும் வீட்டுக்குள்தான் இருப்பான்.

ஃபிராங்க் சோதனைக்கு இறங்கினார். பைன் நாற்றுகளைச் சிலவற்றைச் சாதாரண மண்ணிலும், சிலவற்றை வெப்பமூட்டிக் கிருமி நீக்கிய மண்ணிலும் வளர்த்தார். பூசணம் இருந்த மண்ணில் நாற்றுகள் செழித்தன, மற்றவை பின்தங்கின. இதோடு வழக்கு முடிந்ததா? முடியவில்லை. மண்ணைச் சூடாக்கினால் அந்த ஒரு பூசணம் மட்டுமா சாகும்? எல்லா உயிரும் சாகும், மண்ணின் தன்மையும் மாறும். நாற்று பின்தங்கியது எதனால் என்று யார் கண்டது?

இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க இன்னும் முப்பது ஆண்டு ஆயிற்று. சுவீடன் நாட்டில் எலியாஸ் மெலின் என்பவர் 1920-களில், பூசணத்தைத் தனியே கண்ணாடிக் குப்பியில் வளர்த்தார். கிருமியற்ற நாற்றையும் தனியே வளர்த்தார். பிறகு அந்த இரண்டை மட்டும் ஒன்று சேர்த்தார். வேரில் அதே போர்வை உண்டாயிற்று. 1950-ல் அவரும் நில்சன் என்பவரும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கதிர்வீச்சுள்ள பாஸ்பரஸை ஒரு சிறு கிண்ணத்தில் வைத்தார்கள். அந்தக் கிண்ணத்துக்குள் நாற்றின் வேர் போக முடியாது. பூசண நூல் மட்டும் விளிம்பைத் தாண்டிப் போகலாம். பிறகு பார்த்தால், அந்தப் பாஸ்பரஸ் நாற்றுக்குள் ஏறியிருந்தது. கொண்டு போனவர் யார் என்பதில் இனிச் சந்தேகத்துக்கு இடமில்லை. சில ஆண்டுகள் கழித்து, 1957-ல், எதிர்த்திசையையும் அவர்கள் காட்டினார்கள். இலை தயாரித்த சர்க்கரையில் ஒரு பங்கு வேர்வழியாகப் பூசணத்துக்குப் போனது. கொடுப்பதும் வாங்குவதும் ஆகிய இரண்டு பக்கமும் கணக்கில் ஏறிவிட்டது.

இந்தப் பண்டமாற்று எதற்காக? நம் தோட்டத்துச் செம்மண்ணையே எடுத்துக்கொள்வோம். அதில் பாஸ்பரஸ் இருந்தாலும், இரும்போடும் அலுமினியத்தோடும் சேர்ந்து இறுகிக் கிடக்கிறது. நீரில் கரைந்து வேரைத் தேடி வராது. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தூரத்தில் இருப்பதை உறிஞ்சிவிட்டால், பிறகு அங்கே வறட்சிதான். புதுக்கன்று நடும்போது குழியில் பாறைப் பாஸ்பேட் தூள் போடுவதும் இதனால்தான். அந்த உரம் வேருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பூசண நூலோ ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான தடிப்புள்ளது. வேர் நுழையாத மண்துளையில் அது நுழையும். வேரிலிருந்து பல சென்டிமீட்டர் தள்ளிப் போய்ப் பாஸ்பரஸைக் கொண்டு வரும். தடித்த வேரை நீட்டுவதைவிட மெல்லிய நூலுக்குச் சர்க்கரை கொடுப்பது மரத்துக்கு மலிவு.

ஆனாலும் அது இலவசமல்ல. மரம் தயாரிக்கும் உணவில் ஐந்தில் ஒரு பங்கு வரைக்கும் பூசணத்துக்குப் போகலாம். நிலத்தில் பாஸ்பரஸ் உரம் தாராளமாகக் கிடைத்தால், பல செடிகள் பூசணத்தை வேருக்குள் அதிகம் இடங்கொடுக்க விடுவதில்லை. வெளிச்சம் குறைந்த இடத்தில், பூசணத்துக்குக் கொடுப்பது பெறுவதைவிட அதிகமாகி, செடி சற்று மெலிவதும் உண்டு. நிலைமைக்கேற்ப இலாப நட்டம் மாறும் வியாபாரம் இது.

இந்த உதவி எவ்வளவு பெரியது என்பதைத் தோட்டக்காரர்களே உணர்ந்த ஓர் இடம் போர்ட்டோரிக்கோத் தீவு. கரும்பும் காப்பியும் விளைந்த அந்த வெப்பத் தீவில் இயற்கையாகப் பைன் மரம் கிடையாது. 1930-களிலிருந்து அங்கே பைன் நட முயன்றார்கள். விதை முளைக்கும், நாற்று சில அங்குலம் வளரும், பிறகு மஞ்சளாகி நின்றுவிடும், செத்துவிடும். உரம் போட்டும் பயனில்லை. 1955-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பைன் மரத்தடியிலிருந்து மண்ணைக் கொண்டுவந்து சில நாற்றுகளின் வேரடியில் இட்டார்கள். ஓராண்டுக்குள் அந்த நாற்றுகள் பச்சை பிடித்து உயர்ந்தன. பக்கத்திலேயே மண் இடப்படாத நாற்றுகள் முன்போலவே குன்றிக் கிடந்தன. பைனுக்கேற்ற பூசணம் அந்தத் தீவில் இருக்கவில்லை, அவ்வளவுதான். மண்ணோடு வந்த வேறு ஏதாவது உதவியிருக்கலாமே என்று கேட்கலாம். பிறகு பூசணத்தை மட்டும் தனியே வளர்த்து இட்டுப் பார்த்தபோதும் அதே பலன் கிடைத்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பூசணவேரில் இரண்டு பெரிய இனங்கள் உண்டு. பைன், ஓக், நம் காட்டு மெராந்தி, கெருயிங் ஆகியவற்றில் வேருக்கு வெளியே உறை போர்த்தும் இனம். ரப்பர், செம்பனை, வாழை, மரவள்ளி ஆகியவற்றில் உறை இருக்காது. பூசணம் வேரின் உயிரணுவுக்குள்ளேயே நுழைந்து குட்டி மரம்போல் கிளைத்து நிற்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, வேரைச் சாயமிட்டு உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். இந்த இனம் நம் தோட்டத்து மண்ணில் ஏற்கெனவே இருக்கிறது. ஆகையால் போர்ட்டோரிக்கோவில் நடந்த அற்புதத்தைப் பையில் அடைத்து விற்கும் பூசணத்தூளிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். அங்கே இல்லாததைக் கொண்டுவந்தார்கள்; இங்கே இருப்பதோடு இன்னும் கொஞ்சம் சேர்க்கிறோம். தூள் இட்ட வரிசைக்குப் பக்கத்தில் இடாத வரிசை ஒன்றையும் விட்டு அளந்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இனி வழக்கின் இரண்டாம் பாதிக்கு வருவோம். ஒரே பூசணம் ஒரு மரத்தின் வேரிலும் பக்கத்து மரத்தின் வேரிலும் இருக்கக்கூடும். அப்படியானால் ஒரு மரத்தின் உணவு நூல்வழியாக அடுத்த மரத்துக்குப் போகுமா? இந்தக் கேள்வி புதிதல்ல. 1960-ல் சுவீடனில் எரிக் பியர்க்மன் என்பவர், பச்சையமே இல்லாத ஒரு சிறு காட்டுச்செடியின் பக்கத்திலிருந்த மரங்களுக்குள் அடையாளமிட்ட சர்க்கரையைச் செலுத்தினார். சில நாளில் அது அந்தச் செடியில் தோன்றியது. தானாக உணவு தயாரிக்க முடியாத அந்தச் செடி, பூசணத்தின் மூலம் மரத்தின் உணவைத் தின்று வாழ்கிறது. இது உறுதி. ஆனால் அதை மரம் கொடுக்கிறது என்பதைவிட, செடி பூசணத்திடமிருந்து பிடுங்குகிறது என்பதே பொருத்தம்.

பச்சை மரங்களுக்கிடையே என்ன நடக்கிறது? 1997-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சூசன் சைமார்டும் அவரோடு உழைத்தவர்களும் செய்த சோதனை உலகப் புகழ் பெற்றது. வெட்டித் தெளித்த காட்டில் மூன்று கன்றுகளை அருகருகே நட்டார்கள். பிர்ச், டக்ளஸ் ஃபர் என்ற இரண்டும் உறை போர்த்தும் இனத்தவை. மூன்றாவதான செடார் மற்ற இனத்தது. ஆகவே அந்த இரண்டோடு நூலால் சேர முடியாது. பிர்ச்சின் மீதும் ஃபரின் மீதும் பைகளை மூடி, வெவ்வேறு அடையாளமிட்ட கரியமிலவாயுவைச் செலுத்தினார்கள். சில நாள் கழித்துப் பிடுங்கிப் பார்த்தபோது, பிர்ச்சின் கரி ஃபரிலும், ஃபரின் கரி பிர்ச்சிலும் இருந்தது. கொடுக்கல் வாங்கல் கழித்து ஃபருக்கு மிஞ்சியது, அது உள்வாங்கிய அடையாளக் கரியில் சராசரியாக 6 விழுக்காடு. ஃபருக்கு நிழல் கட்டியபோது அது பெற்றது கூடியது. ஓர் அறிவியல் ஏடு இதை அட்டையில் போட்டு, காட்டின் வலை என்ற பொருளில் தலைப்பிட்டது.

நல்ல சோதனைதான். ஆனால் நூலோடு சேராத செடாருக்குள்ளும் கொஞ்சம் கரி வந்திருந்ததே, அது எப்படி வந்தது? வேர் சர்க்கரையை மண்ணில் கசியவிடுகிறது, மண்ணுயிர்கள் மூச்சுவிடுகின்றன, அடுத்த வேர் அதை எடுத்துக்கொள்கிறது. அந்த வழி திறந்திருக்கும்போது, ஃபருக்குள் வந்ததில் எவ்வளவு நூல்வழி, எவ்வளவு மண்வழி? செடாருக்குக் குறைவாக வந்ததால் மீதி நூல்வழி என்றார்கள். ஆனால் செடார் வேறு மரம், வேறு வேர்; ஒன்றுக்கொன்று அளவுகோலாகுமா என்று எதிர்த்தரப்பு கேட்டது. நியாயமான கேள்வி என்றே நாம் நினைக்கிறோம்.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. நுனிவேரை எடுத்து அளக்கும்போது, அதைப் போர்த்தியிருக்கும் பூசணத்தையும் சேர்த்தேதான் அளக்கிறோம். அங்கே கரி இருந்தால் அது மரத்துக்குள் போய்விட்டதா, பூசணத்தின் உடலிலேயே நிற்கிறதா? 2016-ல் சுவிட்சர்லாந்தில் 40 மீட்டர் உயர ஸ்புரூஸ் மரங்களின் உச்சியில், பாரந்தூக்கியின் துணையோடு, அடையாளமிட்ட வாயுவை ஊட்டிச் செய்த ஆராய்ச்சி வெளிவந்தது. பக்கத்து மரங்களின் நுண்வேர்களில் அந்தக் கரியைக் கண்டார்கள். வியப்பான செய்திதான். ஆனால் கண்ட இடம் நுண்வேர். பூசணம் தன் நூல் முழுதும் உணவைப் பரப்பிக்கொள்வது இயல்பு. அது பக்கத்து மரத்தின் வேர் உறையில் இருப்பது பக்கத்து மரத்துக்கு உணவு கிடைத்ததாக ஆகாது. 1990-களின் இறுதியில் இங்கிலாந்தில், உயிரணுவுக்குள் வாழும் இனத்தைக் கொண்டு செய்த தொட்டிச் சோதனைகளில், வந்த கரி வேரோடு நின்றுவிட்டது, தண்டுக்கும் இலைக்கும் ஏறவில்லை என்று கண்டிருந்தார்கள்.

இத்தனை ஐயங்கள் இருக்க, கதை மட்டும் வளர்ந்துகொண்டே போனது. முதியமரம் தாய்மரம் ஆனது. தாய்மரம் தன் கன்றை அடையாளங்கண்டு ஊட்டுகிறது, பூச்சி வந்தால் எச்சரிக்கை அனுப்புகிறது என்றெல்லாம் நூல்களும் திரைப்படங்களும் சொல்லின. 2021-ல் சைமார்டே தாய்மரத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கேட்க இனிமையான கதை. பிள்ளையைத் தோளில் சுமந்த எவருக்கும் அது பிடிக்கத்தான் செய்யும். அதனாலேயே அதைக் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

2023-ல் மூன்று பேர் அப்படிப் பார்த்தார்கள்: ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹூக்செமா. இதில் மெலனி ஜோன்ஸ் 1997-ஆம் ஆண்டுச் சோதனையில் சைமார்டோடு சேர்ந்து உழைத்தவர். தம்முடைய பழைய வேலையையும் சேர்த்தே எடைபோட்டார். காட்டில் நடந்த 26 ஆராய்ச்சிகளை அவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள்.

காடெங்கும் வலை பின்னியிருக்கிறது என்பதற்குச் சான்று குறைவு என்றார்கள். எந்த மரத்தோடு எந்தப் பூசணம் சேர்ந்திருக்கிறது என்று மரபணுவைக்கொண்டு வரைபடம் எழுதியது உலகத்து மரவகைகளில் இரண்டே இரண்டுக்குத்தான். அந்த வரைபடத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு வாழைத்தூரில் பிரிந்த கன்றுகளை நாலு வீட்டுக் கொல்லையில் நட்டால், எல்லாம் ஒரே வாழைதான். ஆனால் கிழங்கு ஒன்றோடொன்று சேர்ந்திருக்கிறதா? அதுபோல ஒரே பூசணம் இரண்டு மரத்தின் வேரில் இருப்பது, நடுவில் நூல் அறுபடாமல் ஓடுகிறது என்பதைக் காட்டாது. மண்ணில் நூல் அடிக்கடி அறுகிறது, புழுபூச்சிகள் தின்கின்றன.

வலையோடு சேர்ந்த கன்று நன்றாக வளர்கிறது என்பதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. வேர் புக முடியாத, ஆனால் பூசண நூல் புகக்கூடிய நுண்ணிய கண்ணுள்ள வலைத்துணிப் பையில் ஒரு கன்றை நடுவது. நூலும் புகாத இன்னும் நுண்ணிய துணியில் மற்றொன்றை நடுவது. வேர் தாராளமாகக் கலக்கும்படி மூன்றாவதை நடுவது. இப்படிச் செய்தவற்றில் சில இடத்தில் கன்று நன்றாக வளர்ந்தது, சில இடத்தில் குன்றியது, பல இடத்தில் வேறுபாடே இல்லை. நன்றாக வளர்ந்த இடத்திலும், பெரிய மரம் ஊட்டியதால் என்று சொல்லிவிட முடியாது. பூசணமே கன்றுக்கு மண்ணிலிருந்து கொண்டுவந்து கொடுத்திருக்கலாம். பெரிய மரத்தின் பக்கத்தில் கன்று நிழலுக்கும் நீருக்கும் போட்டியிட்டுத் தோற்பதும் உண்டு. தாய்மரம் தன் கன்றைத் தேர்ந்தெடுத்து ஊட்டுகிறது என்பதற்கோ, காட்டில் நடந்து சரிபார்த்து வெளியான ஒரு சான்றுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இருப்பவை தொட்டிச் செடிகளில் நடந்தவை.

எப்படி இவ்வளவு தூரம் வந்தது? அதையும் அவர்கள் ஆராய்ந்தார்கள். ஓர் ஆராய்ச்சியாளர் ‘இருக்கலாம்’ என்று எழுதுகிறார். அவரை மேற்கோள் காட்டுகிறவர் ‘இருக்கிறது’ என்கிறார். பயனில்லை என்று காட்டிய ஆராய்ச்சிகளை மேற்கோள் காட்டுவோர் குறைவு. சைமார்ட் இந்த விமர்சனத்தை ஏற்கவில்லை. காட்டைத் துண்டுதுண்டாகச் சோதித்து அறிய முடியாது என்பது அவர் தரப்பு. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

நம் நாட்டிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். மெராந்திக் குடும்பத்து மரங்கள் உறை போர்த்தும் இனத்தவை என்று சொன்னோமல்லவா? இருண்ட காட்டுத்தரையில் அவற்றின் கன்றுகள் ஆண்டுக்கணக்கில் ஒரு சாண் உயரத்தில் காத்துக்கிடக்கும். வெளிச்சமில்லாமல் அவை எப்படி உயிரோடிருக்கின்றன, பெரிய மரம் வலைவழியாக ஊட்டுகிறதா என்பது இயல்பாக எழும் கேள்வி. மலேசிய போர்னியோக் காடுகளில் வலையோடு சேர்த்தும் துண்டித்தும் செய்த நான்கு தனித்தனிச் சோதனைகளின் முடிவு 2016-ல் வெளியாயிற்று. வலையால் கன்றுக்கு நன்மை என்பதற்கு உறுதியான ஆதரவு அவற்றில் கிடைக்கவில்லை.

தோட்டத்தில் ஒரு மரத்தடியிலிருந்து அடுத்த மரத்தடிக்குப் பூசண நூல் மண்வழியே போவதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம் என்பது உண்மைதான். பழைய அடிக்கட்டையிலிருந்து புறப்பட்டுப் பல அடி தூரம் ஊர்ந்துவந்து இளமரத்தின் வேரைப் பிடிக்கும் வெள்ளை வேர் நோய்ப் பூசணம் அது. அந்த நூலும் மரத்துக்காக எதையும் சுமப்பதில்லை. கட்டையைத் தின்று பெற்ற பலத்தால் அடுத்த வேரைத் தின்னப் போகிறது. நடுவதற்கு முன் அந்தக் கட்டைகளைத் தோண்டி எடுக்கச் சொல்வது அதனால்தான்.